14 வந்ததும் நிறுத்தக் கூடாது

ஒரு தாளில் ஆறு புள்ளிகள் வைத்து க, ச, ட, த, ப, ம என்று பெயரிடுங்கள். இவை ஆறு ஊர்கள். இனி சாலைகளைப் போடலாம். க-விலிருந்து ச-வுக்கு 7 கிலோமீட்டர், ட-வுக்கு 3. ட-விலிருந்து ச-வுக்கு 2, த-வுக்கு 8. ச-விலிருந்து த-வுக்கு 5, ப-வுக்கு 3. கடைசி ஊரான ம-வுக்கு, ப-விலிருந்து போனால் 6, த-விலிருந்து போனால் 2. மொத்தம் எட்டுச் சாலைகள். க-விலிருந்து ம-வுக்கு மிகக் குறைந்த தூரம் எவ்வளவு?

ஒவ்வொரு ஊரிலும் நின்று, அங்கிருந்து பக்கத்தில் இருக்கும் ஊருக்கே போவோம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் போனால் க, ட, ச, ப, ம என்று வந்து சேர்வோம். 3, 2, 3, 6 கூட்டினால் 14. இது சரியான விடை இல்லை.

சரியான விடைக்கான முறையை நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் கண்டுபிடித்தார். ஆம்ஸ்டர்டாமில் தம் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிய களைப்பில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, சுமார் இருபது நிமிடத்தில், தாளும் பென்சிலும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே இதை உருவாக்கியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். கையில் தாள் இல்லாததால்தான் தேவையற்ற சிக்கல்களை எல்லாம் தவிர்க்க நேர்ந்தது என்பது அவர் கருத்து. செய்து பார்த்தால் அது எவ்வளவு உண்மை என்று புரியும்.

க-வின் அருகில் 0 என்று எழுதுங்கள். மற்ற ஊர்களின் தூரம் இன்னும் தெரியாது. க-விலிருந்து நேராகப் போகக்கூடியவை ச-வும் ட-வும். அவற்றின் அருகில் 7, 3 என்று பென்சிலால் எழுதி, ‘க வழி’ என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இவை தற்காலிக எண்கள். அவற்றில் சிறியது எதுவோ அதற்கு வட்டம் போட வேண்டும். இங்கே ட, 3. வட்டம் போட்ட எண் இனி மாறாது. ட-வுக்கு வேறு வழி இருந்தாலும் அது ச வழியாகத்தான் வர வேண்டும். ச-வுக்கே 7 ஆகும்போது அந்த வழி 3-ஐவிடக் குறைய வாய்ப்பே இல்லை.

அடுத்து ட-வின் சாலைகள். ட வழியாக ச-வுக்கு 3-உம் 2-உம் சேர்ந்து 5. முன்பு எழுதிய 7-ஐ அழித்து ‘5, ட வழி’ என்று மாற்றுங்கள். த-வுக்கு 11. இப்போது சிறியது ச, வட்டம். ச-விலிருந்து பார்த்தால் த-வின் 11 குறைந்து 10 ஆகிறது, ப-வுக்கு 8 வருகிறது. சிறியது ப, வட்டம். அங்கிருந்து ம-வுக்கு 14.

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். போக வேண்டிய ஊருக்கு ஓர் எண் வந்துவிட்டதால் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 14-க்கு இன்னும் வட்டம் விழவில்லை. த 10-இல் காத்திருக்கிறது. முதலில் வட்டம் அதற்குத்தான். த-விலிருந்து ம-வுக்கு 2 மட்டுமே, ஆக 12. 14-ஐ அழித்து ‘12, த வழி’ என்று எழுதி வட்டம் போடுங்கள். முதலில் செய்தது போல நிற்கும் ஊரிலிருந்து எது பக்கம் என்று இந்த முறை பார்ப்பதில்லை. புறப்பட்ட ஊரிலிருந்து எது பக்கம் என்றே ஒவ்வொரு தடவையும் பார்க்கிறது.

பாதையைத் தெரிந்துகொள்ளப் பின்னோக்கி வாருங்கள். ம-வுக்கு த வழி, த-வுக்கு ச வழி, ச-வுக்கு ட வழி, ட-வுக்கு க வழி. வட்டம் விழுந்தும் ப இந்தப் பாதையில் இல்லை.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. சாலையின் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. கிலோமீட்டருக்கு அந்தச் சிக்கல் வராது. ஆனால் மின்சாரக் காரின் பேட்டரிச் செலவைக் கணக்கிட்டால் வரும். இறக்கத்தில் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பி ஏறுவதால் அந்தச் சாலையின் செலவு மைனஸ் ஆகலாம். நம் படத்தில் ட–ச சாலை, ச-விலிருந்து ட-வுக்கு மட்டும் போகக்கூடிய, –5 செலவுள்ள ஒரு வழிப்பாதையாக மாறினால், ச வழியாக ட-வுக்கு 7-இல் 5 போக 2 தான். நாமோ 3-க்கு ஏற்கெனவே வட்டம் போட்டுவிட்டோம். அத்தகைய படங்களுக்கு பெல்மன்–ஃபோர்டு என்ற வேறு முறை இருக்கிறது.

போட்ட கணக்கு சரியா என்று நீங்களே சோதிக்கலாம். வட்டம் விழுந்த வரிசை 0, 3, 5, 8, 10, 12. இது எங்கேயும் இறங்கக் கூடாது. இறங்கினால் நடுவில் எங்கோ பிழை செய்திருக்கிறீர்கள். இன்னும் உறுதியாகப் பார்க்க ஒவ்வொரு சாலையையும் எடுத்து, அதன் இரு முனைகளிலும் உள்ள எண்களின் வித்தியாசம் சாலையின் நீளத்தைவிட அதிகமா என்று பாருங்கள். ட–த சாலையில் வித்தியாசம் 7, நீளம் 8, சரி. ப–ம சாலையில் வித்தியாசம் 4, நீளம் 6, அதுவும் சரி. 14-இல் நிறுத்தியிருந்தால் த–ம சாலையில் வித்தியாசம் 4, நீளமோ 2 என்று வந்து, பிழை அங்கே பிடிபட்டிருக்கும்.