ஸ்டியரிங்கை விட்டு இறங்கும் அப்பாவுக்குப் பிள்ளைகள் எழுதும் மடல்

அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் நடப்பவை ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பணிமனையில் கிளை மேலாளர் சால்வை போர்த்துவார். சங்கத்துக்காரர்கள் ஆளுயர மாலை போடுவார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். வீட்டு வாசலில் ஆரத்தி, மண்டபத்தில் பிரியாணி, மேடையில் மோதிரம். கடைசியாகப் பிள்ளைகள் சார்பில் கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடல் ஒன்றை மகளோ மகனோ வாசிப்பார்கள்.

அந்த மடலில் பெரும்பாலும் ‘உழைப்பால் உயர்ந்த உத்தமரே’, ‘எங்களை ஏற்றிவிட்ட ஏணியே’ என்றுதான் இருக்கும். அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். அதைக் கேட்டு அப்பா தலையசைப்பார், கும்பிடுவார். ஆனால் அந்த வரிகள் எந்த அப்பாவுக்கும் பொருந்தும். முப்பது வருடம் வண்டி ஓட்டிய இந்த அப்பா என்ன செய்தார், எதை விட்டுக்கொடுத்தார் என்று அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. பிள்ளைகளுக்கு நன்றி இல்லாததால் அப்படி நேர்வதில்லை. அப்பாவின் வேலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது குறைவு. கேட்டுத் தெரிந்துகொண்டால் மடல் தானாகவே வேறு மாதிரி வரும்.

மதுரையில் ஒரு பணிமனையில் 1993-இல் சேர்ந்து, 2025 மே 31 அன்று 60 வயதில் ஓய்வு பெறும் ஓர் ஓட்டுநரை வைத்து இதைப் பார்ப்போம். ஒரு மகள், ஒரு மகன். இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு; விவரங்களை ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறேன்.

காகிதத்தில் இருக்கும் தியாகம்

மாதச் சம்பளக்காரரின் தியாகம் பெரும்பாலும் எங்காவது எழுத்தில் பதிவாகியிருக்கும். அலமாரியின் மேல்தட்டில் மஞ்சள் பையில் கட்டிவைத்திருக்கும் சம்பளச் சீட்டுகளை அப்பாவின் அனுமதியோடு எடுத்துப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதை விடுங்கள், பிடித்தம் எவ்வளவு என்று பாருங்கள். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் வாங்கிய ‘சொசைட்டி லோன்’ எந்த மாதம் தொடங்குகிறது, எத்தனை வருடம் ஓடுகிறது என்று அதில் இருக்கும். அந்தத் தொடக்க மாதத்தை வீட்டு நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டால் கதை தானே வெளிவரும். 2014 ஜூனில் ஒரு லோன் தொடங்கியிருக்கிறது. அதே ஜூனில்தான் மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

அடுத்து இ.எல். சரண்டர், அதாவது ஈட்டிய விடுப்பை எடுக்காமல் நிறுவனத்திடமே ஒப்படைத்துப் பணமாக வாங்கிக்கொள்வது. மேலோட்டமாகப் பார்த்தால் அது கூடுதல் வருமானம். உண்மையில், குடும்பத்தோடு இருந்திருக்க வேண்டிய நாட்களை விற்ற கணக்கு அது. நம் ஓட்டுநர் லோன் ஓடிய காலம் முழுவதும் வருடா வருடம் சரண்டர் செய்திருக்கிறார். அந்த வருடங்களில் இந்தக் குடும்பம் ஏன் எந்த ஊருக்கும் போகவில்லை என்பதற்குப் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

காகிதத்தில் இல்லாததும் உண்டு. ஊரெல்லாம் பண்டிகைக்கு வீடு திரும்பும் நாளில்தான் அரசுப் பேருந்துக்காரருக்கு வேலை அதிகம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிறப்புப் பேருந்து ஓட வேண்டும். விடுப்பு கிடைப்பது அரிது. ஆள் பற்றாக்குறை என்றால் ‘டபுள் டூட்டி’ பார்க்கச் சொல்வார்கள். இதையெல்லாம் அம்மாவிடமும் கூட ஓடிய கண்டக்டரிடமும் கேட்டால்தான் தெரியும்.

உடம்பையும் திறமையையும் பாருங்கள்

முன்பக்கம் எஞ்சின் உள்ள பேருந்தில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் போனட் இருக்கும். நாள் முழுக்க அதன் சூடு இடது காலில் அடிக்கும். டவுனுக்குள் நுழைந்துவிட்டால் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேயும். வீட்டில் அப்பா எப்போதும் இடது காலை நீட்டியே உட்காருவதைப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார்கள். ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். மடலில் அந்தக் காலுக்கு ஒரு வரி உண்டு என்றால், அது தன்னைப் பற்றி எழுதியதுதான் என்று அவருக்கு உடனே புரியும்.

பிள்ளைகளின் மடல்களில் வழக்கமாக விடுபடும் இன்னொன்று உண்டு. தியாகத்தை மட்டுமே சொன்னால், அவர் வாழ்நாள் முழுதும் கஷ்டம் மட்டுமே பட்டார் என்று ஆகிவிடும். அவர் ஒரு தொழிலைத் திறமையாகச் செய்தவர். மதுரை–ராஜபாளையம் வழித்தடத்தில் திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று எந்த வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். நிற்கும் பயணி தடுமாறாமல் பிரேக் பிடிப்பது எளிதில் வரும் வித்தை இல்லை. ஓய்வு நாளில் பேருந்தைக் கட்டிப்பிடித்து, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு அழும் ஓட்டுநர்களைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். கஷ்டத்திலிருந்து விடுதலை கிடைத்தவர் அப்படி அழ மாட்டார். பிடித்த தொழிலைப் பிரிகிறவர்தான் அழுவார். அதனால் ‘எங்களுக்காகக் கஷ்டப்பட்டீங்க’ என்பதோடு ‘நல்லா ஓட்டினீங்க’ என்பதும் மடலில் இருக்க வேண்டும்.

அந்த மடல்

இவ்வளவும் தெரிந்துகொண்ட மகளும் மகனும் இப்படி எழுதலாம்:

“அப்பா, 2014 ஜூன் மாசம் நீங்க சொசைட்டியில லோன் போட்டீங்க. அக்கா காலேஜ்ல சேர்ந்த மாசம் அது. அஞ்சு வருஷம் உங்க சம்பளத்துல அதைப் பிடிச்சிருக்காங்க. அந்த அஞ்சு வருஷமும் லீவு எடுக்காம சரண்டர் பண்ணியிருக்கீங்க. வீட்டுல ஒரு நாளும் அதைச் சொன்னதில்ல.

போனட் சூட்டுல உங்க இடது கால் எப்படி இருக்கும்னு அம்மா சொன்னாங்க. ராத்திரி விளக்கெண்ணெய் தேய்ச்சுட்டு, விடியுறதுக்குள்ள எந்திரிச்சு முதல் நடைக்குப் போவீங்களாம். நாங்க அப்போ தூங்கிக்கிட்டு இருந்திருக்கோம்.

கிருஷ்ணன்கோவில் தாண்டி மாடு குறுக்க வந்தப்போ, நின்னுக்கிட்டு இருந்தவங்ககூட விழாம வண்டியை நிறுத்துனீங்கன்னு கண்டக்டர் சித்தப்பா சொன்னார். உங்க வண்டின்னா கைப்பிள்ளைக்காரங்க தைரியமா ஏறுவாங்களாம். நீங்க எங்க அப்பாங்கிறதுல எங்களுக்கு எவ்வளவு பெருமையோ, நீங்க நல்ல டிரைவர்ங்கிறதுலயும் அவ்வளவு பெருமை.

வர்ற தீபாவளிக்கு விடியக்காலை எங்க தலையில நீங்கதான் எண்ணெய் வைக்கணும். இத்தனை வருஷமும் அம்மாதான் வச்சாங்க. நல்லா இருங்கப்பா.”

இந்த மடலில் உவமை எதுவும் இல்லை. தேதி, இடம், கால், மாடு, எண்ணெய் என்று எல்லாமே அவருடைய வாழ்க்கையில் உள்ளவை. கடைசியில் ‘நூறாண்டு வாழ்க’ என்று பொதுவாக முடிக்காமல் அவர் செய்ய வேண்டிய ஒரு காரியத்தைக் கேட்கிறார்கள். ஓய்வு பெற்றவருக்கு அது முக்கியம். மறுநாள் விடியலிலிருந்து தன்னை யாரும் எதற்கும் எதிர்பார்க்கவில்லை என்ற எண்ணம்தான் அவரை முதலில் வாட்டும்.

மேடையில் சொல்லக் கூடாதவை

லோன், சரண்டர் விஷயங்களை மண்டபத்தில் மைக் பிடித்து வாசிக்க வேண்டாம். சம்பந்தி வீட்டார், அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருப்பார்கள். வீட்டுக்குள்ளேயே மறைத்த கடனை ஊர் முன்னால் சொன்னால், பாராட்டுக்குப் பதில் அவருக்குக் கூச்சம்தான் மிஞ்சும். அவர் கண்ணை ஏறிட்டுப் பார்க்காமல் துண்டைச் சரிசெய்யத் தொடங்கினால், பேச்சு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். மேடைக்குத் தொழில் திறமையைப் பற்றிய பத்தி போதும். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். முழு மடலையும் விழாவுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அம்மா பெயரும் அதில் இருக்கட்டும். விடிகாலை டூட்டிக்குப் போனவருக்கு அதற்கும் முன்னால் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டியவர் அவர்.

‘நீங்க பட்ட கடனை நாங்க தீர்ப்போம்’ என்றும் எழுத வேண்டாம். அவர் செய்தது கடன் கொடுத்ததாக அவர் நினைக்கவில்லை. திருப்பித் தருகிறோம் என்றதும் அது கொடுக்கல் வாங்கலாகச் சுருங்கிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, விழா நாளில் பணப் பேச்சு கூடாது. “பி.எஃப். பணம் வந்ததும் மாடி எடுத்துடலாம்” என்று மகன் யாரிடமோ சொல்வது அப்பா காதில் விழுந்தால், காலையில் வாசித்த மடலுக்கு மதிப்பே இல்லாமல் போகும். ஓய்வுக்காலப் பணம் கைக்கு வரத் தாமதமாகிறது என்பது போக்குவரத்து ஊழியர்களின் நெடுநாள் மனக்குறை. அந்தப் பணம் வரும்வரை வீட்டுச் செலவுக்குப் பிள்ளைகள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது, எழுதிக் கொடுத்த வாழ்த்தைவிடப் பெரிய வாழ்த்து. அதை மடலில் எழுத வேண்டியதில்லை, செய்தால் போதும்.

மடலைப் படித்ததும் அப்பா அழுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். “அது ஜூன் இல்ல, மே மாசமே அப்ளிகேஷன் போட்டேன்” என்று திருத்துவார். “மாடு வந்தது கிருஷ்ணன்கோவில் இல்ல, அழகாபுரிக்குப் பக்கத்துல” என்பார். அப்படித் திருத்தினால் மடல் பலித்துவிட்டது. இத்தனை வருடம் வீட்டில் சொல்லாத கதைகளை அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். பேனாவை எடுத்து அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்தடுத்துக் கேளுங்கள்.