கீரை குடித்ததா, தின்றதா?

மண் இல்லாமல், சத்துகள் கரைந்த தண்ணீரிலேயே வேர்விட்டு வளரும் லெட்டூஸும் பாலக்கும் நம் நகரத்து மொட்டை மாடிகளுக்கு வந்துவிட்டன. இந்த ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இரண்டு சிறிய மீட்டர்கள். ஒன்று கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும், அதை பி.எச். என்கிறோம். மற்றொன்று மின்கடத்துதிறனை, அதாவது இ.சி.யைக் காட்டும். உரங்கள் எல்லாம் உப்புகள். தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே இ.சி. என்பது டேங்கில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதன் அளவு.

லெட்டூஸுக்கு இ.சி. 1.2 முதல் 1.8 மில்லிசீமென்ஸ் வரையும், பி.எச். 5.5 முதல் 6.5 வரையும் இருந்தால் போதும். இது பலருக்கும் தெரியும். ஆனால் காலையில் மீட்டரைப் பார்த்து, எண் இறங்கியிருந்தால் உரம் ஊற்றுவது, ஏறியிருந்தால் தண்ணீர் ஊற்றுவது என்று மட்டும் போனால் செடியின் நிலை புரியாது. தண்ணீர் எத்தனை லிட்டர் குறைந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

100 லிட்டர் டேங்கில் இ.சி. 1.4 உள்ள கரைசலை நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டரையும் இ.சி.யையும் பெருக்கினால் 140. டேங்கில் உள்ள மொத்த உப்புக்கு இதை ஓர் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்ளலாம். சில நாள் கழித்துப் பார்த்தால் 80 லிட்டர் இருக்கிறது; இ.சி. 1.7 காட்டுகிறது. பெருக்கினால் 136. உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, குறைந்தது தண்ணீர் மட்டுமே. வெயில் தாங்க செடி தண்ணீரைக் குடித்திருக்கிறது, சத்தைத் தின்னவில்லை. அடுப்பில் வற்றிய குழம்பு கரிக்கிறது என்றால் அதில் விழுந்த உப்பு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, அதே கதைதான். இங்கே உப்பில்லாத நல்ல தண்ணீர் 20 லிட்டர் ஊற்றினால் இ.சி. 1.4-க்கு அருகே திரும்பிவிடும். மாறாக, வழக்கம்போல் 1.4 கரைசலையே ஊற்றினால் 1.64 ஆகும். கோடைக்காலத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் இ.சி. 2-ஐத் தாண்டும். அடர்ந்த கரைசலில் வேர் தண்ணீரை உறிஞ்சத் திணறும். நடுக்குருத்து இலைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராமல் லெட்டூஸின் இலை நுனிகள் கருகும்.

அதே டேங்க் 80 லிட்டருக்கு இறங்கி, இ.சி. 1.2 காட்டினால் கணக்கு 96. இப்போது 44 பங்கு உப்பை செடி எடுத்துக்கொண்டிருக்கிறது. அது பசியோடு தின்று வளர்கிறது. நிரப்பும் 20 லிட்டரை இ.சி. 2.2 அளவுக்குச் சற்று அடர்த்தியாகக் கலக்கினால் மொத்தம் மீண்டும் 140-க்கு வரும். தண்ணீர் குறைந்தும் இ.சி. 1.4-லேயே நின்றால் தண்ணீரும் சத்தும் ஒரே விகிதத்தில் போகின்றன. அதே கரைசலை நிரப்பலாம்.

இந்தக் கணக்கு நம்பும்படி இருக்க, ஊற்றும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பது முக்கியம். பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது. உரம் ஒரு துளி கூடச் சேராமலே அதன் இ.சி. 0.9 இருக்கலாம். அதில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும் என்றால் செடிக்கு அவற்றால் பயனில்லை. மீட்டர் 1.4 காட்டும், உண்மையான உணவு 0.5 மட்டுமே. முதல் வேலையாக, உரம் கலக்காத தண்ணீரின் இ.சி.யை எழுதி வையுங்கள்.

போர் தண்ணீரின் அடுத்த தொல்லை பைகார்பனேட். இரண்டு வாளித் தண்ணீரும் பி.எச். 7.2 என்றே காட்டலாம், ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் சில துளி அமிலம் விட்டாலே எண் சரசரவென்று இறங்கும், போர் தண்ணீரில் விட்டால் அசையாது. பைகார்பனேட் அமிலத்தை விழுங்கிவிடுகிறது. இறக்கி வைத்தாலும் மறுநாள் மீண்டும் ஏறுகிறது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள தண்ணீர் 100 லிட்டரை 5.8-க்குக் கொண்டுவர 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் சுமார் 20 மில்லிலிட்டர் வேண்டும். அதனால் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 90 மில்லிகிராம் பாஸ்பரஸ் கூடிவிடும். கீரைக்கு அவ்வளவு வேண்டாம். பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் அமிலத் தேவையும் பாதியாகும், வீண் உப்பும் பாதியாகும். அமிலத்தை மேலும் மேலும் ஊற்றுவதைவிட இதுவே நல்ல வழி.

அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. முதலில் உரங்களைக் கலந்து, நன்றாகச் சுற்றவிட்டு, பிறகே பி.எச்.சைத் திருத்துங்கள். கால்சியம் நைட்ரேட் உள்ள ஏ கரைசலையும், சல்பேட்டும் பாஸ்பேட்டும் உள்ள பி கரைசலையும் அடர்த்தியான நிலையில் ஒன்றோடொன்று கலந்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். தனித்தனியே டேங்கில் ஊற்றிக் கலக்க வேண்டும்.

நன்றாக வளரும் கீரையிலும் பி.எச். மெல்ல ஏறும். வேர் நைட்ரேட்டை எடுக்கும்போது காரத்தை வெளிவிடுவதே காரணம். ஆகவே 5.8-ல் தொடங்கி 6.3 வரை ஏற விடலாம். தினமும் துரத்த வேண்டாம். பி.எச். 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்து கரைசலில் நிற்காது. புதிய இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். இ.சி. சரியாக இருக்கும்போது இளம் இலை இப்படி வெளுத்தால், இரும்பு உரத்தைத் தேடும் முன் பி.எச்.சைப் பாருங்கள். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் அது வேறு குறை; பெரும்பாலும் நைட்ரஜன் அல்லது மெக்னீசியப் பற்றாக்குறை.

இ.சி. மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. நாள்பட நைட்ரேட் தீர்ந்து சோடியம் சேர்ந்தாலும் அதே 1.4 காட்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலிசெய்து புதிதாக நிரப்பச் சொல்வது இதனால்தான். பழைய கரைசலை மண்ணில் வளரும் செடிகளுக்கு ஊற்றலாம்.

மீட்டரும் தவறும். பி.எச். மீட்டரை 7, 4 என்ற இரண்டு பஃபர் கரைசல்களிலும், இ.சி. மீட்டரை 1.413 கரைசலிலும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். பி.எச். மீட்டரின் முனை காயக் கூடாது.

தினமும் காலையில் தண்ணீர் மட்டம், இ.சி., பி.எச். ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் மட்டத்தை எழுதாதவருக்கு மற்ற இரண்டு எண்களும் பாதிச் செய்தியையே சொல்லும்.