முன்கூட்டியே வந்த 2038

2006ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், சனிக்கிழமை. நம் நேரப்படி காலை மணி 9.27. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது முந்தைய நாள் இரவு மணி 9.27. அந்த வேளையில், ஏஓஎல்சர்வர் என்னும் இணையச் சேவை மென்பொருளில் இயங்கிய தளங்கள் சில நிலைகுலையத் தொடங்கின. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் அது. காரணத்தைத் தேடிப் போனவர்கள் வந்து நின்ற இடம் 2038ஆம் ஆண்டு. ஏறக்குறைய 32 ஆண்டுகளுக்குப் பிறகு வரவேண்டிய கோளாறு, அன்றே வந்துவிட்டிருந்தது.

இது எப்படி நடந்தது என்று அறிய, கணினி நேரத்தை எப்படி எண்ணுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளுக்கு நாள், மாதம், ஆண்டு என்பதெல்லாம் மனிதருக்குக் காட்டும்போது மட்டுமே தேவைப்படுபவை. உள்ளுக்குள் இருப்பது ஒரே ஓர் எண்தான். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் கிரீனிச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடிகள் கடந்துள்ளன என்பதே அந்த எண். அந்த எண்ணுக்குப் பல காலம் ஒதுக்கப்பட்ட இடம் 32 பிட்டுகள். அதுவும் குறியுடைய எண்ணாக, அதாவது எதிர்ம எண்களையும் ஏற்கும் வகையில்.

32 பிட்டுகளைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது சிரமம். நான்கு பிட்டுகளே உள்ளதாக வைத்துக்கொள்வோம். வலமிருந்து இடமாக அவற்றின் மதிப்பு 1, 2, 4 என்று ஏறும். இடது ஓரத்துப் பிட்டின் மதிப்பு மட்டும் 8 அல்ல, -8. ஆகவே 0111 என்பது 7. இதுவே மிகப் பெரிய எண். அதனோடு ஒன்றைக் கூட்டினால் கிடைப்பது 1000. அதைக் கணினி -8 என்று படிக்கும். கூட்டலில் பிழை இல்லை, இடம்தான் போதவில்லை. 32 பிட்டுகளிலும் இதே கதைதான். மிகப் பெரிய எண் 2,147,483,647. அதற்கு அடுத்த விநாடி -2,147,483,648 ஆகிவிடும். முதல் எண் குறிப்பது 2038ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, கிரீனிச் நேரம் 03:14:07. நமக்குக் காலை மணி 11.14. அடுத்த எண் குறிப்பது 1901ஆம் ஆண்டு டிசம்பர் 13.

எதிர்ம எண்களுக்கு ஏன் பாதி இடத்தைக் கொடுத்தார்கள் என்று கேட்கலாம். 1970க்கு முந்தைய நாள்களையும் குறிக்க அது உதவுகிறது. குறி இல்லாமல் எண்ணியிருந்தாலும் கணக்கு 2106 வரைதான் போயிருக்கும். யுனிக்ஸை உருவாக்கியவர்களைக் குறை சொல்வதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11 கணினி ஒரு நேரத்தில் 16 பிட்டுகளையே கையாண்டது. நேரத்துக்கு 32 பிட்டுகள் ஒதுக்கியது அன்று தாராளம்தான். 1971ஆம் ஆண்டு வெளிவந்த முதல் பதிப்பிலோ விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணினார்கள். அந்தக் கணக்கு இரண்டேகால் ஆண்டில் தீர்ந்துவிடும்! பின்னர்தான் முழு விநாடிக்கு மாறினார்கள். அதனால் 68 ஆண்டுகள் கிடைத்தன.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புவோம். ஏஓஎல்சர்வரில் தரவுத்தளத்துக்கு அனுப்பும் கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு உண்டு. சில கோரிக்கைகளுக்குக் கெடுவே வேண்டாம் என்று நினைத்தவர்கள், "கெடு இல்லை" என்பதற்குத் தனி ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. மிகப் பெரியதாக ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும் என்று, நூறு கோடி விநாடிகளைக் கொடுத்துவிட்டார்கள். அது 31 ஆண்டுகள் எட்டு மாதங்களுக்குச் சற்று அதிகம். எந்தக் கோரிக்கையும் அவ்வளவு நேரம் காத்திருக்கப் போவதில்லை. ஆனால் கெடு முடியும் நேரத்தைக் கணக்கிட, மென்பொருள் அந்த நூறு கோடியை நடப்பு நேரத்தோடு கூட்டியாக வேண்டும்.

```
1147483647 + 1000000000 = 2147483647
1147483648 + 1000000000 → -2147483648
```

முதல் வரி அன்று காலை 9:27:27. இரண்டாவது வரி 9:27:28. முதல் விநாடியில் வந்த கோரிக்கைக்குக் கெடு 2038இல். அடுத்த விநாடியில் வந்ததற்குக் கெடு 1901இலேயே முடிந்துவிட்டது! கடந்த காலத்தில் காலாவதியான கோரிக்கைகளைக் கையாளத் தெரியாமல் மென்பொருள் முடங்கியது. அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த எண்ணைக் குறைத்த பிறகே நிலைமை சீரானது.

ஆகவே ஒரு மென்பொருளுக்கு 2038 எப்போது வரும் என்பது, அது எவ்வளவு தொலைவு முன்னோக்கிக் கணக்கிடுகிறது என்பதைப் பொறுத்தது. 30 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை நாளை 32 பிட்டில் வைத்த நிரலுக்கு, 2008ஆம் ஆண்டு ஜனவரியிலேயே எல்லை வந்துவிட்டது. நம்மைப் போன்ற ஒரு சங்கம் பழைய மாணவர்களுக்கு 25 ஆண்டு உறுப்பினர் அட்டை வழங்குவதாகக் கொள்வோம். 2013 ஜனவரி 19க்குப் பிறகு சேர்ந்தவர்களின் காலாவதி நாள்தான் கெட்டுப்போகும். அதற்கு முன் சேர்ந்த சீனியர்களுக்கு ஒன்றும் ஆகாது. 99 ஆண்டு அட்டை என்றிருந்தால் முதல் நாளிலேயே குட்டு வெளிப்பட்டு, யாராவது திருத்தியிருப்பார்கள். இந்த 25 ஆண்டு அட்டைதான் ஆபத்தானது. எழுதியவர் பட்டம் பெற்று வேலைக்குப் போன பிறகே அது பல்லைக் காட்டும்.

தீர்வு என்னவோ எளிமையானதுதான்: எண்ணுக்கு 64 பிட்டுகள் கொடுத்தால் சுமார் 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இன்றைய 64 பிட் கணினிகளில் இயங்கு தளத்தின் கடிகாரம் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகிறது. லினக்ஸ் கருவில், 32 பிட் கருவிகளுக்கான திருத்தங்கள் 2020இல் வந்த 5.6 பதிப்பில் ஒன்றுகூடின. இருந்தும், கணினி 64 பிட் என்பதாலேயே அதிலுள்ள எல்லாமே 64 பிட் ஆகிவிடுவதில்லை. சி மொழியில் நேரத்தை ஒரு `int` மாறியில் போட்டால், புதிய கணினியிலும் அது பொதுவாக 32 பிட்தான். நேரத்துக்கு நான்கு பைட்டுகளே ஒதுக்கிய கோப்பு வடிவங்களில், இடத்தை அகட்டினால் பழைய கோப்புகளைப் படிக்க முடியாமல் போகும். சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் பொருத்தப்பட்டு, யாரும் புதுப்பிக்காத சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

மாணவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் `TIMESTAMP` வகை, 64 பிட் கணினியிலும் 2038 ஜனவரி 19இல்தான் நிற்கிறது. `DATETIME` வகை 9999ஆம் ஆண்டு வரை போகும். உறுப்பினர் பட்டியலின் நகல் ஒன்றில், உண்மைப் பட்டியலில் அல்ல, காலாவதி நாள் நிரலில் இப்படி ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள்:

```sql
INSERT INTO ahli (nama, tamat)
VALUES ('ujian', '2038-01-20 00:00:00');
```

அந்த நிரல் `TIMESTAMP` வகையாக இருந்து, தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இயங்கினால், நாள் தவறு என்று சொல்லி வரியை ஏற்க மறுத்துவிடும். அப்படி மறுத்தால் நல்லது; கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால், ஓர் எச்சரிக்கையோடு வரியை ஏற்றுக்கொண்டு, நாளுக்குப் பதிலாக `0000-00-00 00:00:00` என்று எழுதி வைக்கும். பட்டியலில் பெயர் இருக்கும், அட்டை செல்லாது.