பன்னுக்கு 33 காசு

"டியூ முடிஞ்சிருச்சு தம்பி. இனிமே அடுப்பு நமக்கு சும்மா."

நான் கணக்கு எழுதித் தரும் பேக்கரி ஒன்றின் அண்ணாச்சி சொன்னது இது. டெக் ஓவன் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாதத் தவணை ஏறக்குறைய 10,000 ரூபாயை அதுவரை நோட்டில் செலவுப் பக்கம் எழுதி வந்தார். நாலாவது வருஷம் அந்த வரி நின்றதும் லாபம் மாதம் 10,000 கூடித் தெரிந்தது. அந்தத் தெம்பில் டீக்கடைகளுக்குப் போடும் பன்னில் 50 காசு குறைத்துவிட்டார்.

நோட்டில்தான் லாபம் கூடியது, கடையில் அல்ல. தவணை என்பது வங்கிக்கும் அவருக்கும் உள்ள ஏற்பாடு. மூன்று வருஷத்தில் கட்டினாலும் ஐந்து வருஷத்தில் கட்டினாலும் அடுப்பு தேய்வது ஒரே மாதிரிதான். தவணையில் வட்டி மட்டுமே செலவு. அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. முழுப் பணத்தையும் கையில் இருந்து கொடுத்து, வாங்கிய மாதமே மொத்தத்தையும் செலவாக எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு மாதம் பெரிய நஷ்டம், அடுத்த எட்டு வருஷம் பொய் லாபம்.

அடுப்பின் விலையை அதில் வேகும் பன்கள்தான் சுமக்க வேண்டும். இதற்குத்தான் தேய்மானம் என்று பெயர். அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

அடுப்பு 3,30,000. லாரி வாடகையும் இறக்கு கூலியும் 12,000. த்ரீ ஃபேஸ் வயரிங்கும் பொருத்துகூலியும் 18,000. ஆக, அடக்கம் 3,60,000. வயரிங் இல்லாமல் அடுப்பு எரியாது என்பதால் அதுவும் அடுப்பின் விலைதான். பில்லில் இருந்த ஜிஎஸ்டியையும் சேர்த்துத்தான் 3,30,000; அண்ணாச்சி காம்போசிஷனில் இருப்பதால் அந்த வரி அவருக்குத் திரும்பி வராது. வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை என்றால் அந்தத் தொகையைக் கழித்துவிட வேண்டும்.

எத்தனை வருஷம் உழைக்கும்? கம்பெனிக்காரர் சொல்வதை விட, முந்தைய அடுப்பு எத்தனை வருஷம் ஓடியது என்பதும், பழுது பார்க்க வரும் மெக்கானிக்கின் வாயும் நம்பகமானவை. எட்டு வருஷம் என்று வைத்தோம். கடைசியில் காயலாங்கடைக்குப் போட்டால் 40,000 தேறும். மிச்சம் 3,20,000, எட்டால் வகுத்தால் வருஷத்துக்கு 40,000. கடை 300 நாள் ஓடுகிறது, நாளுக்கு 400 பன். ஒரு பன்னுக்கு 33 காசு.

அந்த 33 காசு முதல் பன்னிலும் உண்டு, தவணை முடிந்த மறுநாள் வெந்த பன்னிலும் உண்டு. மூன்று வருஷம் கழித்து அண்ணாச்சி 'சும்மா' என்று சொன்ன அடுப்பு, பேரேட்டில் இன்னும் 2,40,000 ரூபாய்க்கு நின்றுகொண்டிருந்தது.

"அப்போ ஆடிட்டர் வேற தொகை போட்டிருக்காரே?" என்றார். அது வருமான வரிக்கான கணக்கு. அங்கே பொதுவான இயந்திரங்களுக்கு, மீதி மதிப்பில் வருஷம் 15 சதவீதம்: முதல் வருஷம் 54,000, அடுத்தது 45,900 என்று குறைந்துகொண்டே போகும். வாங்கிய வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுகிறவர்களுக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க இடமே இல்லை. வரிக்கு எப்படிப் போட்டாலும், பன்னுக்கு விலை வைக்க நம் 33 காசுதான் உதவும்.

ஒன்றை மட்டும் அண்ணாச்சிக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. தேய்மானம் எழுதினால் பணம் சேராது. நோட்டில் 40,000 குறையும், கல்லாவில் ஒன்றும் நடக்காது. அடுத்த அடுப்புக்குப் பணம் வேண்டுமென்றால் மாதம் 3,333 ரூபாயைத் தனியாக ஆர்.டி.யில் போட வேண்டும். அப்போதும் புது அடுப்பின் விலை ஏறியிருந்தால் துண்டு விழும்.

ஐந்தாம் வருஷ முடிவில் கீழ்த்தட்டில் பன் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் வெளுத்து வரத் தொடங்கியது. காயில் மாற்றிய 6,000 சாதாரண ரிப்பேர். அந்த வருஷச் செலவிலேயே போனது. ஆனால் உள்தகடே இளகிவிட்டது, இன்னும் இரண்டு வருஷம்தான் தாங்கும் என்றார் மெக்கானிக். எழுதி முடித்த பழைய வருஷங்களைத் தொடவில்லை. பேரேட்டில் அன்று நின்றது 1,60,000. காயலாங்கடை விலை 40,000 போக 1,20,000. அதை மூன்று வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷத்தில் எழுத வேண்டும், வருஷம் 60,000.

அண்ணாச்சியே கால்குலேட்டரைத் தட்டினார். பன்னுக்கு 50 காசு வந்தது. "டீக்கடைக்காரங்களுக்குக் குறைச்சேனே, அதே 50 காசு" என்றார்.