முதலில் கடை நோட்டு, பிறகு திரை

மளிகைக் கடைக்காரர்களுக்கு மூன்று மாதக் கணக்கை டாஷ்போர்டில் விளக்கும் ஐந்து நிமிடப் பேச்சு, அவர்களுடைய நோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எக்செல் கணக்கை அவர்கள் நம்பாததில் நியாயம் இருக்கிறது. நோட்டில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினால் தடம் தெரியும். எக்செல் கட்டத்தில் மாற்றினால் கூட்டுத்தொகை சத்தமில்லாமல் மாறிவிடும்.

ஆகவே பேச்சின் முதல் வரி இப்படி அமையலாம்: “அண்ணாச்சி, உங்க நோட்டுல ஏதாவது ஒரு நாளைச் சொல்லுங்க, அதையே திரையில பாப்போம்.” நாளைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்க வேண்டும், பேசுபவர் தேர்ந்தெடுத்தால் முன்கூட்டியே சரிசெய்து வைத்தது போலத் தோன்றும்.

உதாரணமாக, அவர் ஜூன் 14 என்கிறார். நோட்டில் வரவு 11,240 ரூபாய், திரையில் விற்பனை 10,480. இந்த 760 ரூபாய் வித்தியாசத்தில்தான் பேச்சு நிற்கும் அல்லது விழும். அந்தப் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் அன்று வசூலான பழைய பாக்கி 760 இருக்கும். சரக்கு கொடுத்த அன்றே அது விற்பனையில் ஏறிவிட்டது. மறுபடி சேர்த்தால் ஒரே விற்பனை இரண்டு முறை வரும். வித்தியாசத்துக்குக் காரணம் கிடைக்காவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக் கணக்கைச் சரிபார்ப்பதுதான் முறை. விளங்காத எண்ணின் மேல் வரைபடம் போட்டுக் காட்டக் கூடாது.

அடுத்து, எந்தக் கடைக்காரரும் கேட்கும் கேள்வி: “லாபம்னு காட்டுது, கல்லாவுல காணோமே?” ஏப்ரல் முதல் ஜூன் வரை விற்பனை 9,00,000 ரூபாய், விற்ற சரக்கின் கொள்முதல் விலை 7,92,000, வாடகை, கரண்ட், சம்பளம் 48,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60,000. அதே மூன்று மாதத்தில் வாடிக்கையாளர் பாக்கி 35,000-லிருந்து 60,000 ஆகிறது. கடைச் சரக்கின் மதிப்பு 1,50,000-லிருந்து 1,75,000 ஆகிறது. மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது மாறாமல் இருந்தால், வீட்டுச் செலவுக்கு எடுப்பதற்கு முன் கையில் கூடியது 10,000 மட்டும். பேசுபவர் சொல்ல வேண்டியது: “இருபத்தஞ்சாயிரம் ஊருக்குள்ள பாக்கியா நிக்குது, இருபத்தஞ்சாயிரம் அலமாரியில நிக்குது.” இதைச் சொல்லும்போது திரையில் பாக்கியும் சரக்கும் மட்டும் தெரிந்தால் போதும். வண்ண வட்டங்கள் இந்த இடத்தில் கவனத்தைக் கலைக்கும்.

சரக்கின் மதிப்பு இந்தக் கணக்கின் பலவீனமான இடம். மூட்டைகளை எண்ணாமல் குத்துமதிப்பாகப் போட்டிருந்தால் லாபமும் குத்துமதிப்புதான். அதைப் பேசுபவர் தாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பீட்டுக்கு முந்தைய மூன்று மாதத்தைவிடப் போன ஆண்டின் இதே மூன்று மாதமே பொருத்தம். தீபாவளி வரும் அக்டோபர்-டிசம்பர் கணக்கை ஜனவரி-மார்ச்சுடன் ஒப்பிட்டால், நன்றாக நடக்கும் கடையும் சரிவது போலத் தெரியும்.

முடிவில் ஒரே ஒரு வேலையைக் கேட்டால் போதும்: பழைய பாக்கி வரவை நோட்டில் தனிப் பத்தியில் எழுதச் சொல்வது.