மூன்று நிமிடமா, மூன்று அடியா?

தடகளப் பயிற்சியாளர் ஒருவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியருக்கு அன்றைய பயிற்சியை ஒரே வரியில் அனுப்புகிறார்:

```
3 × (4 × 60 m) @ 90%, r = 3', R = 8'
```

பழகியவர்களுக்கு இது ஒரு மாலை முழுவதற்குமான திட்டம். 60 மீட்டரை நான்கு முறை ஓட வேண்டும், அது ஒரு சுற்று. அப்படி மூன்று சுற்று. சின்ன r ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் விட வேண்டிய நேரம், பெரிய R ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் விட வேண்டிய நேரம். பயிற்சியாளர்களுக்கான படிப்புகளும் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் இந்தக் குறியீடும் அப்படியே மைதானத்துக்கு வந்து சேர்கிறது. ஆசிரியர் பக்கத்தில் நின்று விசில் ஊதும்வரை சிக்கல் இல்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவி தானாகப் பயிற்சி செய்ய அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

முதல் இடறல் அந்த ஒற்றைக் கோட்டில் இருக்கிறது. எண்ணுக்கு மேல் ஒரு கோடு போட்டால் நிமிடம், இரண்டு போட்டால் விநாடி என்பது பயிற்சியாளர்களின் வழக்கம். தமிழ்நாட்டில் மனையும் மரமும் அளந்து பழகிய வீட்டில் 3' என்றால் மூன்று அடி, 30" என்றால் முப்பது அங்குலம். மூன்றடி ஓய்வு என்று எவரும் நம்பப் போவதில்லைதான். ஆனால் குறி புரியாதபோது பிள்ளைகள் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பிளாங்க் பயிற்சிக்கு 3 × 30" என்று எழுதியிருந்தால், முப்பது விநாடி அசையாமல் நிற்பதற்குப் பதிலாக இடுப்பை முப்பது தடவை ஏற்றி இறக்குவது இப்படி நடப்பதுதான். தமிழ்த் தாளில் கோடுகளே வேண்டாம். முதல் முறை ‘நிமிடம்’, ‘விநாடி’ என்று முழுதாக எழுதி, பிறகு ‘நி’, ‘வி’ என்று சுருக்கிக்கொண்டால் போதும்.

அடுத்தது வரிசை. ஆங்கிலக் குறியீடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. முதலில் சுற்று, பிறகு எத்தனை முறை, கடைசியில் தூரம். தமிழில் சொல்லும்போது செய்ய வேண்டிய காரியம் முன்னால் வந்து, எண்ணிக்கை அதன்பின் வருவதே இயல்பு: “60 மீட்டர் ஓட்டம், 4 முறை. இது ஒரு சுற்று. மொத்தம் 3 சுற்று.” குறியீட்டின் வரிசையையே பிடித்துக்கொண்டு ‘மூன்று தடவை நான்கு தடவை அறுபது மீட்டர்’ என்று எழுதினால், பன்னிரண்டு ஓட்டத்தையும் ஒரே தொடராக ஓடிவிட இடமிருக்கிறது. எடைப் பயிற்சியில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். 5 × 3 என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று முறை. சிலர் அதையே மாற்றி, எடைக்குப் பக்கத்தில் முறையையும் கடைசியில் சுற்றையும் எழுதுவார்கள். இரண்டிலும் கூட்டினால் பதினைந்துதான். ஆனால் மூன்று முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையை ஐந்து முறை தூக்க முயன்றால், நான்காவதிலேயே முதுகு வளையத் தொடங்கும்.

90% என்பது இன்னொரு கண்ணி. அதைத் ‘தொண்ணூறு விழுக்காடு முயற்சி’ என்று எழுதினால் சொல்லில் பிழையில்லை, ஆனால் ஓடுபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. குறுந்தூர ஓட்டத்தில் இது பொதுவாக வேகத்தைக் குறிக்கும். மாணவியின் சிறந்த நேரம் 60 மீட்டருக்கு 9.0 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 90% வேகத்துக்கான நேரம் வேண்டுமானால் 9.0-ஐ 0.9 ஆல் வகுக்க வேண்டும், 10.0 விநாடி வரும். அவசரத்தில் பெருக்கிவிட்டால் 8.1 வரும். அது அவளுடைய சிறந்த நேரத்தைவிடவே வேகம், ஓடவே முடியாத இலக்கு. இந்தக் கணக்கை மாணவியின் தலையில் கட்டக்கூடாது. மொழிபெயர்ப்பவரே போட்டு, “ஒவ்வோர் ஓட்டமும் 10 விநாடி” என்று எழுதிவிட வேண்டும். சொல்லை மாற்றுவதோடு எண்ணையும் மாற்றுவது மொழிபெயர்ப்பா என்று சிலர் கேட்கக்கூடும். விசிலும் ஆசிரியரும் இல்லாத மைதானத்தில் அந்தத் தாள்தான் பயிற்சியாளர் என்பதால், இந்தத் துறையில் அது கட்டாயம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஓய்வுதான். ‘3 நிமிடம் ஓய்வு’ என்று படித்ததும் பிள்ளைகள் நிழல் தேடி உட்கார்ந்துவிடுகிறார்கள், சிலர் படுத்தும்விடுகிறார்கள். பயிற்சியாளர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு: ஓடி முடித்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கு நடந்தே திரும்ப வேண்டும், மீதி நேரம் நின்றோ மெல்ல நடந்தோ கழிய வேண்டும். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அதே ஓய்வு 200 மீட்டர் மெல்லோட்டமாகவும் இருக்கும். ‘ஓய்வு’ என்ற ஒரு சொல் இவ்வளவையும் தாங்காது. ஆகவே உடம்பு அப்போது என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதவேண்டியிருக்கிறது: “நடந்து திரும்பவும். உட்கார வேண்டாம். 3 நிமிடம் ஆனதும் அடுத்த ஓட்டம்.”

ஓய்வைப் பயிற்சியின் மையத்தில் வைத்துப் பார்க்கும் வழக்கம் 1930-களில் ஜெர்மனியில் உருவானது. வோல்டமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் ஓட்டத்தின் முடிவில் நாடித்துடிப்பு 180 வரை ஏறுவதையும், அது 120-க்கு இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதையும் அளந்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்கச் செய்தார்கள். இதயம் வலுப்படுவது ஓடும்போது அல்ல, அந்த இடைவேளையில்தான் என்பது அவர்கள் கருத்து. கெர்ஷ்லரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் மிலான் நகரில் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். பயிற்சிக்கே இடைவேளையின் பெயர் வந்தது இந்த வழியில்தான்.

குறுந்தூர ஓட்டத்தில் காரணம் வேறு. முழு வேகத்துக்கான ஆற்றலைத் தரும் பாஸ்ஃபோகிரியாட்டின் என்ற பொருள் தசையில் கொஞ்சமே சேமிப்பாக இருக்கிறது. சில விநாடிகளில் அது வெகுவாகக் குறைந்துவிடும், மறுபடி நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். ஓய்வைக் குறைத்தால் அது கடுமையான பயிற்சியாக மாறுவதில்லை. வேறொரு பயிற்சியாக, மூச்சு வாங்கும் தாக்குப்பிடிப்புப் பயிற்சியாக மாறிவிடுகிறது.

மேலே சொன்ன வரியையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றில் நான்கு ஓட்டம் என்றால் நடுவில் மூன்று இடைவேளை. மூன்று சுற்றுக்கும் சேர்த்து ஒன்பது, தலா 3 நிமிடம் என்றால் 27 நிமிடம். சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நீண்ட இடைவேளை, தலா 8 நிமிடம் என்றால் 16 நிமிடம். ஆக 43 நிமிடம் ஓய்வு. பன்னிரண்டு ஓட்டமும் சேர்த்து 2 நிமிடம். மொத்தம் 45 நிமிடம். சின்ன r, பெரிய R என்ற வேறுபாடு தமிழில் தொலைந்து எல்லா இடத்திலும் ‘3 நிமிடம் ஓய்வு’ என்று விழுந்துவிட்டால் மொத்தம் 35 நிமிடத்தில் முடிந்துவிடும். பத்து நிமிடம் எங்கே போயிற்று என்று எவரும் தேடுவதில்லை. ஆனால் கடிகாரம் காட்டிக்கொடுக்கும்: முதல் சுற்றில் 10 விநாடியில் ஓடியவள் மூன்றாம் சுற்றில் 10.5-ஐத் தாண்டுவாள், கால் தரையில் தங்கும், தோள் இறுகும். அவளுக்குத் தெம்பு போதவில்லை என்று ஆசிரியர் முடிவு கட்டிவிடும் அபாயமும் உண்டு.

இதற்காகவே தமிழில் எழுதும் திட்டத்தின் கடைசியில் ஒரு கூட்டல் வரி இருப்பது நல்லது: “மொத்தம் 720 மீட்டர், சுமார் 45 நிமிடம்.” ஆங்கில மூலத்தில் இந்த வரி இருக்காது. வீட்டில் தாளைப் படிக்கும் மாணவி 35 நிமிடத்தில் முடித்துவிட்டால், எதையோ விட்டுவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

நீச்சல் குளத்தில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. அங்கே 8 × 50 @ 1:00 என்று எழுதினால், 50 மீட்டரை எட்டு முறை நீந்த வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் புறப்பட வேண்டும் என்று பொருள். 42 விநாடியில் நீந்துபவருக்கு 18 விநாடி மூச்சு வாங்கக் கிடைக்கும், அவ்வளவுதான். இதை ‘ஒரு நிமிட இடைவெளியில்’ என்று எழுதினால், நீந்தி முடித்தபின் ஒரு முழு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டியது பன்னிரண்டரை நிமிடத்துக்கு மேல் இழுக்கும். “ஒவ்வொரு நிமிடமும் புறப்படவும், முன்னதாக முடித்தால் மீதி விநாடிகள் ஓய்வு” என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

பயிற்சிகளின் பெயர்களில் ஒரே விதி வைத்துக்கொள்ள முடியாது. தமிழில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். தவளைத் தாவல், வாத்து நடை எல்லாம் சொன்னதும் பிள்ளைகள் செய்து காட்டிவிடுவார்கள். ‘தண்டால்’ என்றால் ஊருக்கு ஊர் இரண்டு விதம் உண்டு. நேராக இறங்கி ஏறுவது ஒன்று, பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் உடலை வளைத்து முன்னால் பாய்ச்சி எடுப்பது இன்னொன்று. எது வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டியிருக்கும். ஸ்குவாட்டுக்குத் ‘தோப்புக்கரணம்’ என்று எழுதுவது பொருத்தமாகத் தோன்றும், ஆனால் கை தானாகக் காதுக்குப் போய்விடும், பலருக்குத் தண்டனையின் நினைவும் வரும். ‘பஸ்கி’ என்ற சொல் பழக்கமான இடங்களில் அதுவே மேல்.

ஏ-ஸ்கிப், பி-ஸ்கிப் போன்றவற்றைத் தமிழாக்கவே கூடாது. போலந்துப் பயிற்சியாளர் ஜெரார்ட் மாக் தம் ஓட்டப் பயிற்சிகளுக்கு வைத்த எழுத்துகள் அவை. ஏ என்றால் முழங்காலை உயர்த்துவது, பி என்றால் உயர்த்திய காலை முன்னால் நீட்டித் தரைக்கு இழுப்பது. எழுத்துக்கு வேறு பொருள் கிடையாது. பெயரை அப்படியே வைத்து, பக்கத்தில் அசைவை ஒரு வரியில் சொன்னால் போதும். பர்பீ ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்பதால் அதுவும் அப்படியே நிற்க வேண்டும். ஃபார்ட்லெக் என்ற சுவீடன் சொல்லை ‘வேக விளையாட்டு’ ஆக்கினால் பையன்கள் பந்தைத் தேடுவார்கள். “நிற்காமல் 20 நிமிடம் ஓடவும். இடையிடையே விரும்பியபோது வேகம் கூட்டவும், பிறகு மெதுவாக ஓடவும்” என்று எழுதினால் பெயரே தேவைப்படாது.

எடைக் கூடத்தில் ‘தோல்வி வரை’ என்று அச்சாகிவிட்ட தாள்களும் உண்டு. அதன் கருத்து, சரியான நிலையில் இன்னொரு முறைகூட முடியாது என்ற இடத்தில் நிறுத்துவது. ஒற்றைக்கால் பயிற்சிகளில் ‘10 முறை’ என்று மட்டும் விடுவதும் பிழையாகிவிடும். வலதுக்கு ஐந்தும் இடதுக்கு ஐந்துமா, இரண்டுக்கும் தலா பத்தா என்பதைச் சொல்லாவிட்டால் பாதிப் பயிற்சி காணாமல் போகும்.

தாள் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தப் பயிற்சியை முன்பு செய்திராத ஒரு மாணவியிடம் தாளைக் கொடுத்துவிட்டு, எதையும் விளக்காமல், நிறுத்தக் கடிகாரத்தோடு ஓரமாக நிற்க வேண்டும். அவள் முதல் ஓட்டத்துக்குப் பிறகு எங்கே போகிறாள், நான்காவதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது ஓட்டத்துக்கு அவள் மூன்றாவது நிமிடத்திலேயே கோட்டில் வந்து நின்றால், சுற்றுக்கு நடுவே உள்ள 8 நிமிடத்தைத் தனி வரியில் எழுதித் தாளை மாற்றி அச்சிட வேண்டியதுதான்.