அவர் என்ன செய்தார்?

1941-ஆம் ஆண்டின் கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் அமெரிக்க ராணுவ விமானப் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து ஏராளமான இளைஞர்கள் விலக்கப்பட்டார்கள். அவர்களில் ஆயிரம் பேர் ஏன் தேறவில்லை என்பதை உளவியலாளர் ஜான் ஃபிளனகனின் குழு ஆராய்ந்தது. பயிற்சியாளர்கள் எழுதிய காரணங்களைப் புரட்டினால் ‘பறப்பதற்கான பிறவித் திறன் இல்லை’, ‘பொருந்தாத சுபாவம்’, ‘முன்னேற்றம் போதாது’ என்பது போன்ற வாசகங்களே திரும்பத் திரும்ப வந்தன. அந்த இளைஞன் விமானத்தில் ஏறி என்ன செய்தான், எதைச் செய்யத் தவறினான் என்பதை அவற்றிலிருந்து அறிய முடியவில்லை.

பிறகு போர்முனையில் நல்ல தலைமை எது என்று ஆராய வேண்டி வந்தபோது, கருத்துக் கேட்பதைவிட நேரில் கண்ட நிகழ்ச்சியைக் கேட்டார்கள். அந்த அதிகாரி அப்போது என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. இந்த முறையை ஃபிளனகன் 1954-இல் ஒரு நீண்ட கட்டுரையில் விளக்கினார். நம் அலுவலகங்களின் அப்ரைசல் படிவங்களுக்கு இன்றும் தேவைப்படுவது அந்த ஒரு கேள்விதான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தை நினைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மெர்ச்சண்டைசர் பெண்ணின் படிவத்தில் மேலாளர் ‘நல்ல டீம் ப்ளேயர்’ என்று எழுதி அனுப்புகிறார். அவர் பொய் எழுதவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே நல்ல எண்ணம். ஆனால் இதே வாசகத்தை அவர் இன்னும் நான்கு பேருக்கு எழுதியிருக்கிறார். மனிதவள அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்.

“எதை வச்சு சார் இப்படி எழுதினீங்க?”

“எல்லார்கிட்டயும் அனுசரிச்சுப் போவாங்க மேடம். சண்டை சச்சரவே கிடையாது.”

“அது சுபாவம் சார். அடுத்தவங்க வேலை நல்லா நடக்கறதுக்கு அவங்க ஏதாவது செஞ்சதை நீங்க பார்த்தீங்களா?”

மேலாளர் சற்று யோசிக்கிறார். செப்டம்பரில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. அதைக் கேட்டு முடித்ததும் இருவரும் சேர்ந்து படிவத்தில் எழுதுவது இது:

‘செப்டம்பரில் சக மெர்ச்சண்டைசர் விடுப்பில் இருந்தபோது, அவருடைய 12,000 டி-ஷர்ட் ஆர்டருக்கான நீலத் துணி சாயப்பட்டறையிலிருந்து வந்தது. யாரும் சொல்லாமலே இவர் அதைப் பையர் ஒப்புதல் தந்த மாதிரித் துண்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு லாட்டில் நிறம் மாறியிருந்தது. வெட்டுவதற்கு முன்பே கட்டிங் மாஸ்டரிடம் சொல்லி, அந்த 300 கிலோவை மட்டும் தனியே எடுத்துவைக்கச் செய்தார். மற்ற லாட்களின் வேலை நிற்கவில்லை. மறுசாயம் போட்ட துணி நான்காம் நாள் வந்தது. சரக்கு குறித்த தேதியில் கிளம்பியது.’

சூழல், செயல், விளைவு என மூன்றும் இதில் இருக்கின்றன. பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும், அந்த இடத்தில் இல்லாத ஒருவர் படித்தால் அவர் கண்முன்னே காட்சி விரிகிறது. இதை வேறொருவரின் படிவத்தில் ஒட்டவும் முடியாது. எழுதியது குறிப்பாக இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டு சோதனைகளே போதும்.

எழுதும்போது மேலாளருக்கு ஓர் ஆசை வந்தது. ‘நிறுவனத்துக்குப் பல லட்சம் மிச்சப்படுத்தினார்’ என்று முடிக்கலாமே என்றார். அதிகாரி ஒப்பவில்லை. அவர் கவனித்திராவிட்டால் தர ஆய்வாளரோ கட்டிங் மாஸ்டரோ கண்டுபிடித்திருக்கலாம். நடந்தது எதுவோ அதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஊதிப் பெருக்கிய ஒரு வரி, பக்கத்தில் இருக்கும் உண்மையான வரிகளையும் சந்தேகிக்க வைத்துவிடும்.

ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து ஒருவருடைய இயல்பைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. வருடத்தின் வெவ்வேறு மாதங்களிலிருந்து இரண்டு மூன்றாவது வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். மார்ச்சில் படிவத்தைத் திறக்கும்போது பிப்ரவரியில் நடந்தது மட்டுமே நினைவில் நிற்கிறது.

மறதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதற்கு ஃபிளனகனின் கட்டுரையிலேயே ஒரு சான்று உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ-ரெமி பிரிவில் ஃபோர்மேன்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, தொழிலாளர்களிடம் கண்ட குறிப்பிடத்தக்க செயல்களை இரண்டு வாரம் பதிவு செய்யச் சொன்னார்கள். அன்றன்றே எழுதிய குழு 315 நிகழ்ச்சிகளைக் கொடுத்தது. வாரம் ஒருமுறை எழுதியவர்கள் 155 கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மொத்தமாக எழுதியவர்களுக்கு நினைவில் இருந்தவை 63 மட்டுமே. இரண்டே வாரத்தில் இந்த நிலை என்றால், வருடக் கடைசியில் நினைவை நம்பி எழுதுவது எப்படி நியாயமாகும்? ஒரு குறிப்பேட்டில் தேதி, ஆள், செய்த காரியம் என்று வாரம் இரண்டு வரி எழுதிவைத்தால் போதும். வேலை செய்பவரும் தனக்காக அதே குறிப்பை வைத்துக்கொள்ளலாம். சுயமதிப்பீடு எழுதும்போது கைகொடுக்கும்.

குறை சொல்லும்போது இந்தத் துல்லியம் இன்னும் அவசியம். அதே நிறுவனத்தில் இன்னொருவருக்கு ‘ஒத்துழைப்பு போதாது’ என்று எழுதியிருந்தது. என்ன செய்தார் என்று கேட்டபின் அது இப்படி மாறியது: ‘ஜூலை முதல் டிசம்பர் வரை அனுப்பிய 8 சரக்குகளில் 3-க்கு, பேக்கிங் விவரத்தைச் சரக்கு கிளம்பும் முந்தைய நாள் மாலையில்தான் கொடுத்தார். மூன்று முறையும் பேக்கிங் பிரிவு இரவு தங்கி வேலை பார்த்தது. இனி மூன்று நாள் முன்னதாகத் தர வேண்டும்.’

இதைப் படித்ததும் அந்த ஊழியர் தன் மின்னஞ்சல்களைத் திறந்து காட்டினார். மூன்றில் இரண்டு முறை பையரே அட்டைப்பெட்டி அளவைக் கடைசி நேரத்தில்தான் அனுப்பியிருந்தார். தாமதம் அவருடையது என்று சொல்லக்கூடியது ஒரே ஒரு முறை. மேலாளர் வாசகத்தைத் திருத்தினார்; பையரிடம் அளவை எந்தத் தேதிக்குள் கேட்டு வாங்குவது என்பதும் அன்றே முடிவானது. ‘ஒத்துழைப்பு போதாது’ என்றே விட்டிருந்தால் அந்த ஊழியர் எதைக் காட்டி மறுத்திருப்பார்? வருத்தத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பார். பேக்கிங் பிரிவும் தொடர்ந்து இரவு தங்கியிருக்கும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணில் படும் சம்பவங்களே எளிதில் பதிவாகும். பிரச்சினை வராமலே பார்த்துக்கொள்பவரும், புதிதாகச் சேர்ந்தவருக்குச் சத்தமில்லாமல் வேலை கற்றுக்கொடுப்பவரும் மேலாளரின் குறிப்பேட்டில் இடம்பெறாமல் போகலாம். அதற்காக, உதவி பெறும் இடத்தில் இருப்பவர்களிடம் வருடத்துக்கு இரண்டு முறையாவது கேட்க வேண்டும். கட்டிங் மாஸ்டரிடமும் பேக்கிங் மேற்பார்வையாளரிடமும் கேட்கலாம். அவர்களிடமும் ‘அவர் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக உங்கள் வேலைக்கு உதவியாக அவர் என்ன செய்தார்?’ என்று கேட்டால் ஒரு நிகழ்ச்சி வரும்.

‘முன்னேற்றம் போதாது’ என்ற வாசகத்தோடு 1941-இல் விலக்கப்பட்ட இளைஞன், எங்கே தவறினோம் என்று தெரியாமலே வீடு திரும்பியிருப்பான். தரையிறங்கும்போது எந்த உயரத்தில் என்ன பிசகினான் என்று யாராவது எழுதியிருந்தால், திருத்திக்கொள்ளவோ மறுத்துப் பேசவோ அவனுக்கு வழி இருந்திருக்கும். படிவத்தை நிரப்பும் ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவருக்கு அந்த வழியைத் தரக் கடமைப்பட்டவர்.